உங்களுக்கும் அந்த இலக்கத்துக்கும் பொதுவாக எந்தக் குழு?

ஊருக்குத் திரும்பி வந்த சில வாரங்களிலேயே உங்கள் கைத்தொலைபேசியில் பல வட்ஸ்அப் குழுக்கள் சேர்ந்துவிடும். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் குழு ஒன்று, மாதர் சங்கத்தின் குழு ஒன்று, பிள்ளையின் வகுப்புக்கு ஒன்று, கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்களுக்குத் தண்ணீர் திறக்கும் நாளைச் சொல்ல ஒன்று, நிவாரண அமைப்பு தொடங்கியது ஒன்று. இவை வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. கூட்டம் எப்போது, பொருட்கள் எங்கே கொடுபடும், காணி நடமாடும் சேவை எந்தப் பொதுமண்டபத்தில் என்பதெல்லாம் இப்போது அங்கேதான் முதலில் வருகிறது.

அவற்றோடு கூடவே, நீங்கள் அறியாத இலக்கங்களிலிருந்து செய்திகளும் வரத் தொடங்கும். சிலர் "அக்கா" என்று உரிமையோடு கூப்பிடுவார்கள். சிலர் உங்கள் ஊர், சிலவேளை பெயர் கூடத் தெரிந்தவர்களாக எழுதுவார்கள். இவருக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். அந்தக் கேள்விக்கான விடை அனேகமாக உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. அதை எங்கே பார்ப்பது, பார்த்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்பதுதான் இந்தப் பாடம்.

பெயருக்குப் பதிலாக ஏன் இலக்கம் தெரிகிறது

வட்ஸ்அப் ஆட்களின் பெயரை உங்கள் போன் புத்தகத்திலிருந்து எடுத்துத்தான் காட்டுகிறது. நீங்கள் "சின்னம்மா" என்று பதிந்து வைத்திருந்தால் குழுவிலும் அவர் சின்னம்மாதான். பதியாத ஒருவர் அதே குழுவில் இருந்தால் அவருடைய இலக்கம் தெரியும். அதன் பக்கத்திலோ கீழேயோ ~ என்ற சிறிய அலைக்கோடு போட்டு ஒரு பெயரும் இருக்கலாம். அந்தப் பெயர் அவரே தனக்கு வைத்துக்கொண்டது. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. ஒருவர் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "கிராம அலுவலர் காரியாலயம்" என்று எழுதி வைத்தாலும் உங்கள் போன் அதை அப்படியே காட்டும். ஆகவே அலைக்கோடு இருந்தால், இந்தப் பெயர் உங்கள் புத்தகத்தில் இல்லை, அவர் சொல்லிக்கொள்வது மட்டுமே என்று வாசியுங்கள்.

கணக்காகப் பார்ப்போம். உங்கள் கிராமக் குழுவில் 380 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் புத்தகத்தில் உள்ளவர்களில் 45 பேர் அதில் இருக்கிறார்கள். மற்ற 334 பேரும் உங்களுக்கு வெறும் இலக்கங்கள்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு நீங்களும் வெறும் இலக்கம்தான். குழுவில் சேர்ந்த நிமிடத்திலிருந்து உங்கள் இலக்கத்தை அந்த 379 பேரும் பார்க்கலாம். முன்பு ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். 2022 இன் இறுதியிலிருந்து 1,024 பேர் வரை சேர்க்கலாம். அந்த அளவுக்குப் பெருத்த குழுவில் எல்லாரையும் அறிந்தவர் யாரும் இருக்க முடியாது, குழுவைத் தொடங்கியவர் உட்பட.

பாப்பாமோட்டை போன்ற ஊருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் யுத்தம் நகர்ந்தபோது மாந்தை மேற்குக் கிராமங்களின் சனம் வன்னிக்குள் போனது. 2009 இல் பலர் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தார்கள். அதற்கு முன்பே கடல் கடந்து இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் இருந்தவர்கள் உண்டு. வவுனியாவில் தங்கிவிட்டவர்களும், கனடாவுக்கும் சுவிஸுக்கும் போனவர்களும் உண்டு. ஆகவே ஊர்க் குழுவில் +91 என்று தொடங்கும் இந்திய இலக்கமும், +41 என்ற சுவிஸ் இலக்கமும், +44 என்ற பிரித்தானிய இலக்கமும், +1 என்ற கனடா இலக்கமும் இருப்பது வழக்கத்துக்கு மாறானதல்ல. வெளிநாட்டு இலக்கம் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம். அதேபோல +94 என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பவும் வேண்டாம்.

இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சொந்த ஆட்களே அந்நியர் போலத் தெரிவதற்கு இது ஒரு காரணம். நீங்கள் இன்னும் இந்திய இலக்கத்தில் வட்ஸ்அப் பாவித்துக்கொண்டு, தம்பியின் இலக்கத்தை 077 என்று தொடங்கிப் பதிந்தால், உங்கள் போன் அதை ஓர் இந்திய இலக்கம் என்று நினைத்துத் தேடும். தம்பி குழுவில் இருந்தாலும் பெயர் வராது, +94 77 என்று தொடங்கும் இலக்கம்தான் வரும். முன்னால் உள்ள 0 ஐ எடுத்துவிட்டு +94 போட்டுப் பதிந்தால் பெயர் வந்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. இலங்கை சிம்முக்கு மாறிய பிறகு, தமிழ்நாட்டில் உள்ளவர்களின் பத்து இலக்கங்களுக்கு முன்னால் +91 இல்லாவிட்டால் அவர்களும் அந்நியர்களாகிவிடுவார்கள். ஒருநாள் மாலை உட்கார்ந்து போன் புத்தகத்தைத் திருத்தினால் குழுவில் உள்ள "தெரியாத" இலக்கங்களில் ஒரு பகுதி தெரிந்தவையாகிவிடும். சந்தேகப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பொதுவான குழுவைப் பார்ப்பது எப்படி

பெரும்பாலானவர்களின் போனில் வட்ஸ்அப் ஆங்கிலத்தில் இருப்பதால் திரையில் தெரியும் ஆங்கிலச் சொற்களையே இங்கே தருகிறோம். உங்களுடையது தமிழில் இருந்தால் அதே இடத்தில் தமிழ்ச் சொல் இருக்கும்.

அந்த நபருடனான உரையாடலைத் திறவுங்கள். மேலே அவருடைய பெயரோ இலக்கமோ இருக்கும் பட்டையை ஒருமுறை தொடுங்கள். அவருடைய விபரப் பக்கம் வரும். அதில் படம், இலக்கம் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே தள்ளிக்கொண்டு போனால் "groups in common" என்ற சொற்களும் அவற்றோடு ஓர் எண்ணும் இருக்கும். 2 என்று இருந்தால் உங்கள் இருவருக்கும் பொதுவாக இரண்டு குழுக்கள் இருக்கின்றன. கீழே அந்தக் குழுக்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அந்தக் குழு திறக்கும்.

குழுவில் மட்டும் காண்கிற, உங்களுக்குத் தனியாக எதுவும் எழுதாத ஓர் இலக்கத்தையும் இதேபோலப் பார்க்கலாம். குழுவின் பெயரைத் தொட்டு, உறுப்பினர் பட்டியலில் அந்த இலக்கத்தைத் தொட்டு, அவருடனான உரையாடலைத் திறவுங்கள். திறப்பதால் மட்டும் அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. எதையும் எழுதி அனுப்பாமல் மேலே உள்ள இலக்கத்தைத் தொட்டு விபரப் பக்கத்துக்குப் போங்கள். கைதவறி அழைப்புப் பொத்தானில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது மேலேயே பக்கத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் பதிந்தவர் என்றால் இன்னும் சுலபம். வட்ஸ்அப்பின் முதல் திரையில் உள்ள தேடும் பெட்டியில் அவர் பெயரை எழுதினால், அவரும் நீங்களும் இருக்கும் குழுக்களும் கீழே வரும். குழுவின் பெயர் மறந்துபோய், "மாமி இருக்கும் அந்தக் குழுவில்தானே கூட்டத் திகதி வந்தது" என்று ஞாபகம் இருக்கும்போது இது நல்ல வழி. நாங்கள் இதை அதிகம் பாவிப்பது இதற்காகத்தான்.

ஓர் உதாரணம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. தாய், இரண்டு பிள்ளைகள். தமிழ்நாட்டு முகாமொன்றில் பல வருடம் இருந்துவிட்டுப் பாப்பாமோட்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒரே கிழமையில் அந்தத் தாய்க்கு இரண்டு தெரியாத இலக்கங்களிலிருந்து செய்தி வருகிறது.

முதலாவது +94 இல் தொடங்கும் இலக்கம். படத்தில் அரச இலச்சினை. அலைக்கோட்டோடு ஓர் அலுவலகத்தின் பெயர். செய்தி இப்படி: "அக்கா வணக்கம். திரும்பி வந்த குடும்பங்களுக்கான வீட்டுத்திட்டப் பட்டியலில் உங்கள் பெயர் வந்திருக்கிறது. இன்று மாலைக்குள் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். பதிவுக் கட்டணம் 2,500 ரூபா."

இரண்டாவது +91 இல் தொடங்கும் இலக்கம். படம் இல்லை. "அண்ணி, எப்படி இருக்கிறீங்கள்? பிள்ளைகள் சுகமா?" என்று மட்டும் இருக்கிறது.

பார்த்தவுடன் முதலாவது அலுவலகம் போலவும் இரண்டாவது ஏமாற்றுக்காரர் போலவும் தோன்றும். அவர் இரண்டுக்கும் பதில் எழுதாமல் விபரப் பக்கத்தைத் திறக்கிறார்.

முதல் இலக்கத்துக்குப் பொதுவான குழு ஒன்று. அது 380 பேர் உள்ள ஊர்க் குழு. இரண்டாவது இலக்கத்துக்குப் பொதுவான குழுக்கள் மூன்று. ஒன்று ஊர்க் குழு, ஒன்று முகாமில் இருந்தவர்களின் பழைய குழு, மூன்றாவது பதினோரு பேர் மட்டும் உள்ள குடும்பக் குழு. பதினோரு பேருள்ள குடும்பக் குழுவில் ஓர் அந்நியர் இருப்பது கடினம். அந்தக் குழுவைத் திறந்து பார்த்தால், அண்மையில் அந்த இலக்கத்தைச் சேர்த்தவர் கணவரின் அண்ணன் என்ற வரி இருக்கிறது. அவருக்கு ஓர் அழைப்பு எடுத்ததும் விடயம் முடிந்தது. அது முகாமில் இருக்கும் நாத்தனாரின் புதிய சிம்.

இனி முதலாவது. பொதுவான ஒரே குழு ஊர்க் குழு என்பதால், இவருடைய இலக்கம் அந்த வழியால்தான் போயிருக்கிறது என்று அவர் கணிக்கிறார். ஆனால் அந்த நபர் ஊர்க் குழுவுக்கு எப்படி வந்தார்? குழுவுக்குள் ஒருவர் வரும்போது நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய வரி விழும். ஒருவர் மற்றவரைச் சேர்த்தால் இன்னார் இன்னாரைச் சேர்த்தார் என்று "added" என்ற சொல்லோடு வரும். அழைப்பு லிங்க் மூலம் தானாக வந்தால் "joined using" என்று தொடங்கி லிங்க் பற்றிச் சொல்லும். அவர் குழுவைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கிறார். நான்கு நாட்களுக்கு முன் அந்த இலக்கம் லிங்க் மூலம் வந்திருக்கிறது. ஒருவரும் அவரைக் கூட்டி வரவில்லை. வந்தபிறகு குழுவில் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த நான்கு நாட்களில் குழுவில் என்ன பேசப்பட்டது என்றும் பார்க்கிறார். "இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களின் பெயர் விபரம் நாளை எடுக்கப்படும்" என்று சங்கத்துச் செயலாளர் எழுதியதற்குக் கீழே இவரே "நானும் வந்திருக்கிறேன், என் பெயரையும் போடுங்கோ" என்று எழுதியிருக்கிறார். திரும்பி வந்தவர் என்பது அந்த அந்நியருக்குத் தெரிந்தது அங்கேயிருந்துதான்.

இவ்வளவும் ஐயத்தைத் தருகிறது, முடிவைத் தரவில்லை. முடிவுக்காக அவர் இரண்டு இடங்களில் கேட்கிறார். குழு அட்மினிடம் "இந்த இலக்கம் யாருடையது?" என்று கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை. அடுத்தநாள் கிராம அலுவலரிடம் நேரில் போய்ச் செய்தியைக் காட்டினார். அப்படி ஒரு கட்டணமே இல்லை என்று அவர் சொன்னார். கவனியுங்கள், அந்தச் செய்தியில் இருந்த இலக்கத்துக்கே திரும்ப அழைத்து "நீங்கள் உண்மையா?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. அலுவலகத்துக்கு நேரில் போக முடியாவிட்டால், உங்களிடம் முன்பே உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இற்கு அழைத்து அந்த அலுவலகத்தின் இலக்கத்தைக் கேளுங்கள்.

அந்தத் தாய் அந்தச் செய்தியை அழிக்கவில்லை. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே "Report", "Block" இரண்டையும் அழுத்தினார். அந்த வரிசை முக்கியம். முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் பொலிஸ் முதலில் கேட்பது இலக்கத்தையும் செய்தியையும்தான்.

இந்தச் சரிபார்ப்பு சொல்லாதவை

பொதுவான குழு இருப்பது அந்த நபருக்கு நற்சான்றிதழ் ஆகாது. அவர் எந்த வாசலால் வந்திருக்கலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது, அவர் யார் என்பதைக் காட்டாது. 380 பேர் உள்ள ஒரு குழு பொதுவாக இருப்பதும் பதினோரு பேர் உள்ள ஒரு குழு பொதுவாக இருப்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் குழு எவ்வளவு பெரியது, யார் தொடங்கியது, லிங்க் வெளியே சுற்றுகிறதா என்று பாருங்கள். "நாங்கள் இரண்டு பேரும் ஒரே குழுவில்தானே இருக்கிறோம்" என்று ஒருவர் தன்னை நம்பவைக்க முயன்றால், அதே வாக்கியத்தை அந்தக் குழுவில் உள்ள யாரும் உங்களிடம் சொல்லலாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான குழு ஒன்றும் இல்லை என்று வந்தாலும், உங்கள் இலக்கம் குழுவிலிருந்து போகவில்லை என்று அர்த்தமில்லை. இப்போது இருவரும் உறுப்பினராக உள்ள குழுக்களைத்தான் அந்தப் பட்டியல் காட்டும். ஒருவர் குழுவுக்குள் வந்து, இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, வெளியேறிவிட்டு உங்களுக்கு எழுதினால் பட்டியல் வெறுமையாக இருக்கும். ஒருவர் வெளியேறும்போது அது அட்மினுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு அறிவிப்பு வராது. ஆனால் குழுவின் உறுப்பினர் பட்டியலின் கடைசியில் "View past participants" என்று ஓர் இடம் உண்டு. கடந்த 60 நாட்களுக்குள் வெளியேறியவர்களை அங்கே பார்க்கலாம். சந்தேகமான இலக்கம் ஒன்று உங்களுக்கு எழுதி, பொதுக் குழு இல்லை என்று காட்டினால், உங்கள் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றிலும் அந்த இடத்தைப் பாருங்கள். நேரம் எடுக்கும் வேலைதான். ஆனால் எந்தக் குழு ஓட்டையானது என்று தெரிந்துகொள்ள வேறு சுலபமான வழி உங்களிடம் இல்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஒருவரை "Block" செய்தால் அவர் உங்களுக்குத் தனியாக எழுதவோ அழைக்கவோ முடியாது. ஆனால் இருவரும் ஒரே குழுவில் இருக்கும்வரை நீங்கள் குழுவில் எழுதுவதை அவர் தொடர்ந்து வாசிப்பார். இரவில் தொந்தரவு தந்த ஓர் இலக்கத்தைத் தடுத்துவிட்டு, அடுத்தநாள் அதே குழுவில் "வீட்டில் இன்று நானும் பிள்ளைகளும்தான்" என்று எழுதினால் தடுத்ததில் பயன் இல்லை. அவரைக் குழுவிலிருந்து அகற்ற அட்மினால்தான் முடியும். தயங்காமல் அட்மினிடம் இலக்கத்தைக் கொடுங்கள். அட்மினிடம் பேசக் கூச்சமாக இருந்தால், மாதர் சங்கத்தில் உங்களுக்குப் பழக்கமான ஒருவர் மூலம் சொல்லலாம்.

லிங்க் எப்படி வெளியே போகிறது

அழைப்பு லிங்க் என்பது திறந்து வைத்த படலை மாதிரி. அது யாருடைய கையில் இருந்தாலும் அவர் உள்ளே வரலாம். அதை அனுப்பியவர் "எங்கட ஆட்களுக்கு மட்டும்" என்று நினைத்து அனுப்பியிருப்பார். அதைப் பெற்ற ஒருவர் நல்லெண்ணத்தோடு பேஸ்புக்கில், "பாப்பாமோட்டை உறவுகள் இதில் இணையுங்கள்" என்று போட்டுவிடுவார். அதற்குப் பிறகு அது யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 2020 பெப்ரவரியில், இணையத்தில் யாரோ எங்கோ போட்டிருந்த வட்ஸ்அப் அழைப்பு லிங்குகள் கூகிள் தேடலிலேயே வருகின்றன என்பது தெரியவந்து உலகம் முழுவதும் செய்தியானது. தனிப்பட்டவை என்று நினைத்திருந்த குழுக்களுக்குள் முன்பின் தெரியாதவர்கள் போய், உறுப்பினர்களின் இலக்கங்களைப் பார்க்க முடிந்தது. ஒரு தடவை வெளியே போன லிங்க்கைத் திரும்ப எடுக்க முடியாது. அதைச் செல்லாததாக்கத்தான் முடியும். அட்மின் குழு விபரத்தில் "Invite via link" என்ற இடத்துக்குப் போய் "Reset link" ஐ அழுத்தினால் பழைய லிங்க் இறந்துவிடும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்கள் உள்ளேயே இருப்பார்கள் என்பதால், அதோடு உறுப்பினர் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நீங்கள் அட்மின் என்றால் குழு அனுமதிகளில் புதியவர்களை அட்மின் ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே விடும் "Approve new members" என்பதைப் போட்டு வையுங்கள். ஒருவர் கேட்டு வரும்போது, "நீங்கள் யாருடைய பிள்ளை, ஊரில் எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஊர்க்காரருக்கு அது சாதாரணக் கேள்வி. வெளியாருக்குத்தான் கஷ்டம்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவை

யாரும் உங்களைக் கேட்காமல் குழுவில் சேர்ப்பதை நிறுத்தலாம். "Settings" இல் "Privacy", அதற்குள் "Groups" என்று போனால் "Everyone" என்று இருக்கும். அதை "My contacts" என்று மாற்றுங்கள். அதன் பிறகு உங்கள் போன் புத்தகத்தில் இல்லாத ஒருவர் உங்களைச் சேர்க்கப் பார்த்தால், அது ஒரு தனி அழைப்பாகத்தான் உங்களுக்கு வரும். ஏற்றுக்கொள்ள மூன்று நாட்கள் உண்டு, விட்டுவிட்டால் அது காலாவதியாகிவிடும். 2019 ஏப்ரலில் வந்த வசதி இது. பிரதேச செயலக அதிகாரியோ எங்கள் கள உத்தியோகத்தரோ உங்களை ஒரு குழுவில் சேர்க்க வேண்டியிருந்தால், முதலில் அவருடைய இலக்கத்தை நேரில் வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவருடைய அழைப்பும் அந்த மூன்று நாட்களோடு போய்விடும்.

அதே "Privacy" இல் "Profile photo" வையும் "My contacts" என்று மாற்றலாம். மகளின் படம் குழுவில் உள்ள 334 தெரியாதவர்களுக்கும் தெரிய வேண்டியதில்லை.

இந்திய சிம்மை விட்டு இலங்கை சிம்முக்கு மாறும்போது புதிய போனில் வட்ஸ்அப்பைப் புதிதாகத் தொடங்காதீர்கள். பழைய இலக்கம் போனில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே "Settings", "Account", "Change number" என்று போய், பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் நாட்டுக் குறியீட்டோடு கொடுங்கள். புதிய சிம்முக்கு ஒரு குறியீட்டு எண் குறுஞ்செய்தியாக வரும். அதைப் போட்டதும் நீங்கள் இருக்கும் குழுக்கள் எல்லாம் புதிய இலக்கத்துக்கு மாறிவிடும். நீங்கள் இலக்கம் மாற்றியது குழுக்களில் ஒரு வரியாகவும் தெரியும். இதைச் செய்யாவிட்டால் பழைய +91 இலக்கம் ஊர்க் குழுவில் அப்படியே நிற்கும். நீங்கள் புதிய இலக்கத்தில் எழுதும்போது சொந்தக்காரருக்கே நீங்கள் அந்நியராகத் தெரிவீர்கள், மேலே உதாரணத்தில் நாத்தனார் தெரிந்தது போல. பாவிக்காத சிம் இலக்கத்தை நிறுவனங்கள் பின்னொரு நாள் வேறொருவருக்குக் கொடுப்பதும் உண்டு. அந்த ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே கேட்டாலும், கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவருடைய போனுக்குப் போய்விடும். அதன் பிறகு "பொதுவான குழு மூன்று" என்று எல்லாரையும் நம்பவைக்கும் இலக்கம் உங்களுடையதாக இருக்கும்.

குழுவில் எதை எழுதுவது என்பதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். கூட்டத்துக்கு வருகிறேன் என்று எழுதலாம். அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், உறுதி, வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை ஆகியவற்றின் படத்தைப் பெரிய குழுவில் ஒருபோதும் போட வேண்டாம். செயலாளரே "குழுவில் போடுங்கோ" என்று கேட்டாலும், அவருடைய தனி இலக்கத்துக்கு அனுப்புகிறேன் அல்லது நேரில் தருகிறேன் என்று சொல்லுங்கள். காணிப் பத்திரத்தில் உள்ள இலக்கமும் எல்லை விபரமும் ஊரில் இல்லாதவர்களின் காணிகளைத் தேடித் திரிபவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியவை.

விநியோக அறிவித்தல்களுக்காக எங்கள் அமைப்பு வட்ஸ்அப் சமூகத்தின் அறிவித்தல் குழுவைப் பாவிக்கிறது. அதில் உறுப்பினர்களின் இலக்கம் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மின்களுக்கு மட்டும் தெரியும். ஏற்கெனவே உங்களைப் பதிந்து வைத்திருப்பவர்கள் உங்களை அடையாளம் காண்பார்கள். அங்கே புதிய அறிவித்தல்களை அட்மின்கள் மட்டுமே போடலாம் என்பதால் கேள்வி இருந்தால் இந்தக் கையேட்டின் பின்னட்டையில் உள்ள எங்கள் அலுவலக இலக்கத்துக்கு அழையுங்கள். எங்கள் பெயரைச் சொல்லி வேறு இலக்கத்திலிருந்து பணம் கேட்டோ ஆவணம் கேட்டோ செய்தி வந்தால், அதைத் திரையில் படம் பிடித்துக்கொண்டு அடுத்த விநியோக நாளில் கள உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே வங்கிக்கும் பொலிஸுக்கும் போங்கள்.